அட்டையில் எழுதிய சிறிய எண்: கர்ப்பகாலச் சிபிலிஸ் பரிசோதனை, ஓர் அறிமுகம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றால், பல நேரங்களில் இரண்டு மாநிலங்களின் சுகாதாரப் பணியாளர்களும் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போன செய்தி தெரிந்ததும் கேரளப் பக்கத்து ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து பெயரை எழுதிக்கொள்வார். வளைகாப்பு முடிந்ததும் பெண் பொள்ளாச்சிப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே கிராம சுகாதார செவிலியர் புதிதாகப் பதிவு செய்வார், மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்வார். "அங்கேதான் எல்லாம் எடுத்தாகிவிட்டதே, திரும்ப எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டுமானால், அந்த ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வருகையில் எடுக்கும் ரத்தம் இரண்டு வகை வேலைகளுக்குப் போகிறது. ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை போன்றவை ஒரு வகை. இவற்றைப் பற்றி வீட்டில் யாரும் சங்கடப்படுவதில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்று தொற்றுகளைத் தேடுவது இன்னொரு வகை. மூன்றுமே தாயிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடியவை, தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியவை, தெரிந்துகொண்டால் தடுக்கக்கூடியவை. ஒருத்தியின் நடத்தையைப் பார்த்து இந்தச் சோதனைக்கு அனுப்புவதில்லை, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறார்கள். சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் சோதித்தால், சந்தேகமே வராத வீட்டுக் குழந்தைகள்தான் கண்ணில் படாமல் போய்விடும்.

மூன்றில் சிபிலிஸை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். எச்.ஐ.வி.யை மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், ஹெபடைடிஸ் பி குழந்தைக்குப் போகாமல் தடுப்பூசியால் காக்கலாம். சிபிலிஸை முழுமையாகவே குணப்படுத்திவிடலாம். அதுவும் பழைய, விலை குறைந்த ஓர் ஊசியால், தாய்க்கும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில். அப்படியிருந்தும் மூன்றில் அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் ரிப்போர்ட் இதனுடையதுதான்.

சிபிலிஸ் என்பது திருகு வடிவப் பாக்டீரியா ஒன்றால் வரும் பால்வினை நோய். தொற்றிய இடத்தில் முதலில் ஒரு புண் தோன்றும். அது வலிக்காது, பெண்களுக்கு உள்ளே இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. சில வாரங்களில் தானாக ஆறிவிடும். பிறகு சிலருக்கு உடம்பில், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அரிப்பில்லாத தடிப்பு வந்து அதுவும் மறையும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் எதுவும் தெரியாது. ஆனால் கிருமி உடலில் இருக்கும், கருவுற்றால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடையும். சிகிச்சை பெறாத பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கர்ப்பம் ஏதாவதொரு வகையில் பாதிக்கப்படுகிறது. குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், பிறந்த சில நாள்களில் இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். தொற்று புதிதாக இருந்தால் ஆபத்து அதிகம். பல ஆண்டுகள் பழையதாக இருந்தால் குறையும், ஆனால் இல்லாமல் போய்விடாது.

இனி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் சரசு, வயது இருபத்துமூன்று, முதல் கர்ப்பம். புகுந்த வீடு கொழிஞ்சாம்பாறை, தாய்வீடு பொள்ளாச்சிப் பக்கம். கணவர் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். பத்தாவது வாரத்தில் அரசு மையத்துக்குப் போகிறாள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சிறிய பிளாஸ்டிக் பட்டையில் விடுகிறார்கள். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் சேர்த்துப் பார்க்கும் பட்டை அது. கால் மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தால் சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கோடு வந்திருக்கிறது, எச்.ஐ.வி. இடத்தில் கோடு இல்லை, சிபிலிஸ் இடத்தில் கோடு இருக்கிறது.

இந்தக் கோட்டுக்கு என்ன பொருள்? சிபிலிஸ் கிருமிக்கு எதிராகவே உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் சரசுவின் ரத்தத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. டி.பி.எச்.ஏ. என்ற ஆய்வகச் சோதனையும் இதே இனம்தான். இந்த வகை எதிர்ப்புப் பொருள் ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொற்று வந்து முழுமையாகக் குணமான பெண்ணுக்கும் கோடு விழும். எனவே கோடு மட்டும் இன்றைய நோயைச் சொல்லாது.

இன்றைய நிலையைச் சொல்வது இரண்டாவது இனம்: ஆர்.பி.ஆர்., வி.டி.ஆர்.எல். என்ற சோதனைகள். இவை கிருமியை நேராகத் தேடுவதில்லை. கிருமி உடலைச் சேதப்படுத்தும்போது கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பை அளக்கின்றன. நோய் உயிர்ப்பாக இருந்தால் அளவு ஏறும், சிகிச்சைக்குப் பிறகு இறங்கும். வீட்டில் தீப்பிடித்தால் புகை வரும், அணைத்த பிறகு சுவரில் கரி இருக்கும்; ஆர்.பி.ஆர். புகையைப் பார்க்கிறது, டி.பி.எச்.ஏ.யும் விரல்குத்துப் பட்டையும் கரியைப் பார்க்கின்றன. புகை மட்டும் தெரிந்தாலும் அது வேறு எதனாலோ வந்திருக்கலாம். கர்ப்பமே சில பெண்களுக்கு ஆர்.பி.ஆரைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கும். லூபஸ் போன்ற நோய்கள், மலேரியா, தொழுநோய் ஆகியவையும் அப்படிச் செய்வதுண்டு. அத்தகைய பொய்ப் பாசிட்டிவில் எண் பெரும்பாலும் சிறியதாக இருக்கும், டி.பி.எச்.ஏ. நெகட்டிவாக வரும். இரண்டு இனச் சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரசுவுக்கு அன்றே கையிலிருந்து ரத்தம் எடுத்து ஆர்.பி.ஆர். அனுப்புகிறார்கள். ரிப்போர்ட்டில் "ரியாக்டிவ், 1:16" என்று வருகிறது. இந்த எண்ணைப் பலரும் விகிதக் கணக்காகப் பார்த்துக் குழம்புகிறார்கள். ஆய்வகத்தில் நடப்பது எளிது. ரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு அட்டையில் விட்டு, கரித்தூள் கலந்த மருந்துத் துளியைச் சேர்த்து எட்டு நிமிடம் சுழற்றுவார்கள். எதிர்ப்புப் பொருள் இருந்தால் கரி திரண்டு கருப்புப் புள்ளிகளாகும், இல்லையென்றால் சாம்பல் நிறமாக அப்படியே கிடக்கும். திரண்டால், அதே நீரை இரண்டு மடங்காக நீர்த்துப் பார்ப்பார்கள், பிறகு நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று போவார்கள். சரசுவின் ரத்தம் பதினாறு மடங்கு நீர்த்தபோதும் திரண்டது, முப்பத்திரண்டில் திரளவில்லை. ஆகவே 1:16. எண் பெரிதாக இருந்தால் எதிர்ப்புப் பொருள் அதிகம்.

அடுத்தடுத்த படிகள் இரட்டிப்பாகப் போவதால், ஒரு படி வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. 1:16 அடுத்த மாதம் 1:8 ஆனால் மகிழவும் வேண்டாம், 1:32 ஆனால் பதறவும் வேண்டாம். பார்க்கிறவர் கண்ணிலும் கையிலும் அந்த அளவு வேறுபாடு வரும். இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு மாறினால்தான் அது மாற்றம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் சிபிலிஸ் ரிப்போர்ட் பாதி புரிந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எதிர்ப்புப் பொருள் மிக மிக அதிகமாக இருந்தால் நீர்க்காத ரத்தத்தில் கரி சரியாகத் திரளாமல், சோதனை நெகட்டிவ் போலத் தோன்றும். தடிப்போடு வந்த கர்ப்பிணிக்கு ஆர்.பி.ஆர். நெகட்டிவ் என்றால், நல்ல ஆய்வகப் பணியாளர் நீர்த்து மறுபடியும் பார்ப்பார். தொற்றிய முதல் சில வாரங்களில் எந்தச் சோதனையிலும் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு.

சரசுவுக்குச் சிகிச்சை எப்போது தொடங்க வேண்டும்? கோடு விழுந்த அன்றே. அவள் முன்பு சிகிச்சை பெற்றவள் இல்லை. ஆர்.பி.ஆர். வந்த பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினால் சிலர் திரும்பி வருவதே இல்லை. கர்ப்பிணிக்கு முதல் ஊசியை உடனே போட்டுவிட்டு, ஆர்.பி.ஆரைப் பின்தொடர்வதே முறை. தேவையில்லாமல் ஓர் ஊசி போட்டுக்கொள்வதால் வரும் நஷ்டம் சிறியது. ஊசி தவறினால் வருவது அப்படியில்லை.

மருந்தின் பெயர் பென்சத்தைன் பென்சிலின். ஒரு தவணைக்கு 24 லட்சம் யூனிட். பால் போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். இரண்டு பங்காக்கி இரண்டு பிட்டங்களிலும் தசைக்குள் போடுவார்கள். நன்றாக வலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இந்த மருந்து எந்தக் காரணத்துக்காகவும் ரத்தக் குழாயில் போகக்கூடாது. பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள், போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். தொற்று புதியது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு தவணை போதும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று தவணை. சரசுவுக்குப் புண் வந்த நினைவே இல்லை, பழைய ரிப்போர்ட்டும் இல்லை, ஆகவே மூன்று. கர்ப்பிணிக்குத் தவணைகளின் இடைவெளி ஏழு நாள். ஒன்பது நாளைத் தாண்டிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இன்று பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. கோயில் திருவிழா, உறவில் கல்யாணம் என்று இரண்டாம் ஊசி தள்ளிப்போவதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும்.

முதல் ஊசி போட்ட ஒரு நாளுக்குள் சிலருக்குக் குளிர்காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். கிருமிகள் ஒரேயடியாகச் சாகும்போது உடல் காட்டும் எதிர்வினை அது, மருந்து ஒவ்வாமை அல்ல. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் மாதம் கூடிய கர்ப்பிணிக்கு இதனால் வயிறு இறுகலாம், குழந்தையின் அசைவு குறையலாம். அப்படித் தெரிந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மாத்திரை கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். மற்ற நேரத்தில் தரும் டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் ஆகாது. எரித்ரோமைசின் தாய்க்கு ஓரளவு உதவினாலும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போதுமான அளவு குழந்தைக்குப் போவதில்லை. அந்தக் குழந்தையைச் சிகிச்சை பெறாத குழந்தையாகவே கணக்கில் வைப்பார்கள். உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள பெண்ணைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்றிப் பழக்கி, பென்சிலினையே போடும் வழி இருக்கிறது.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கும் சோதனை, அவருக்கும் ஊசி. அவர் சிகிச்சை பெறாவிட்டால் சரசுவுக்குத் திரும்பத் தொற்றும், மூன்று ஊசியும் வீண். இருவரும் ஊசியை முடிக்கும்வரை உடலுறவு கூடாது. இங்கே வீடுகளில் வெடிக்கும் கேள்வி வேறு: "யாரிடமிருந்து வந்தது?" ரத்தச் சோதனைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் திறன் கிடையாது. அறிகுறியில்லாமல் ஆண்டுகள் கடந்து தெரியவரும் நோயில், எண்ணை வைத்து யார் முதலில் என்று கணக்கிட முடியாது. கணவருக்கு 1:32, மனைவிக்கு 1:16 என்பதால் அவர்தான் கொண்டுவந்தார் என்று சொல்வதும் தவறு, மறுபக்கம் சொல்வதும் தவறு. ரிப்போர்ட்டைக் கூட்டத்தின் நடுவே உரக்கப் படிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தனியறையில் சொல்லும்படி கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு "புலரி" மையங்களும் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் சோதனைக்கும் "ஜ்யோதிஸ்" மையங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் ஆலோசனைக்கும் சோதனைக்கும் "நம்பிக்கை மையம்" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

சரசு பன்னிரண்டாவது வாரத்தில் மூன்றாம் ஊசியையும் முடித்துவிட்டாள். இருபத்தைந்தாவது வாரத்தில் அதே ஆய்வகத்தில் ஆர்.பி.ஆர். 1:4. பதினாறிலிருந்து நான்கு, இரண்டு படி இறக்கம், நல்ல செய்தி. முப்பதாவது வாரத்துக்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போகிறாள். அங்கே வேறொரு ஆய்வகம், வேறொரு சோதனை: வி.டி.ஆர்.எல். 1:8. உடனே கலக்கம். நான்கு எட்டாகிவிட்டதே, நோய் திரும்பிவிட்டதா?

இல்லை. முதலாவது, ஒரு படி ஏற்றம் ஏற்றமே அல்ல. இரண்டாவது, ஆர்.பி.ஆர். எண்ணையும் வி.டி.ஆர்.எல். எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஒரே ரத்தத்தை இரண்டிலும் பார்த்தால் ஆர்.பி.ஆர். எண் ஓரளவு கூடுதலாகவே வரும் என்பதும் உண்டு, ஆனால் அதை வைத்துக்கூடத் திருத்திக் கணக்குப் போட முடியாது. எந்தச் சோதனையில் தொடங்கினோமோ அதே சோதனையை, முடிந்தால் அதே ஆய்வகத்தில் தொடர வேண்டும். சரசுவுக்கு ஆர்.பி.ஆர். மறுபடியும் எடுத்தால் 1:4 என்றே வருகிறது. இதுவே 1:16க்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால், மீண்டும் தொற்றியதா, கணவர் ஊசி போட்டாரா என்று விசாரித்துத் திரும்பச் சிகிச்சை கொடுத்திருப்பார்கள்.

எல்லை தாண்டும்போது கர்ப்பிணியின் பதிவு அட்டையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகியிருக்கும். "சிபிலிஸ் பாசிட்டிவ், சிகிச்சை அளிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியால் பிரசவம் பார்க்கும் மருத்துவருக்குப் பயனில்லை. எந்தச் சோதனை, என்ன எண், எந்தத் தேதி. மூன்று ஊசிகளின் தேதிகள், அளவு. கணவருக்குச் சிகிச்சை முடிந்ததா. இவ்வளவும் வேண்டும். அட்டை தொலையக்கூடும் என்பதால் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அடுத்த கர்ப்பத்திலும் இது தேவைப்படும். அப்போதும் விரல்குத்துப் பட்டையில் கோடு விழும்; பழைய எண் கையில் இருந்தால்தான் அது கரியா புதிய தீயா என்று சொல்ல முடியும்.

தேதிகள் ஏன் அவ்வளவு முக்கியம்? சிகிச்சை பிரசவத்துக்கு முப்பது நாளுக்கு முன்பாவது தொடங்கியிருந்தால்தான், அதுவும் உரிய தவணைகள் முடிந்திருந்தால்தான், குழந்தைக்குப் போதுமானது என்று கொள்வார்கள். சரசுவுக்கு அது நிறைவேறிவிட்டது. ஒன்பதாம் மாத முடிவில் முதல் ஊசி போட்டுக்கொண்டு வரும் பெண்ணின் குழந்தையை மருத்துவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

குழந்தை பிறந்ததும் அதன் ரத்தத்தை எடுத்து ஆர்.பி.ஆர். பார்ப்பார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்திருக்கலாம் என்பதால் குழந்தையின் உடம்பிலிருந்தே எடுப்பது சரி. சரசுவின் குழந்தைக்கு 1:2 வருகிறது. பாசிட்டிவ்தான், ஆனால் அது தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே வந்து சேர்ந்தது. தாயின் எண்ணைவிட நான்கு மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால், அதாவது தாய்க்கு 1:4 இருக்கும்போது குழந்தைக்கு 1:16 வந்தால், குழந்தைக்கு நோய் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எண் குறைவு என்பதற்காக மட்டும் விட்டுவிடவும் மாட்டார்கள். கல்லீரல் வீங்கியிருக்கிறதா, உள்ளங்கை உள்ளங்காலில் தோல் உரிகிறதா, மூக்கிலிருந்து விடாமல் நீர் வடிகிறதா, ஒரு கையை அசைக்காமல் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோயுள்ள குழந்தைக்கு மருத்துவமனையில் வைத்துப் பத்து நாளுக்குக் குறையாமல் பென்சிலின் ஊசி போட வேண்டும். நோயோடு பிறக்கும் பல குழந்தைகள் முதல் வாரத்தில் கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும் என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம்.

சரசுவின் குழந்தையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கூப்பிட்டு எண்ணைப் பார்ப்பார்கள். தாயிடமிருந்து வந்தது என்றால் ஆறு மாதத்துக்குள் ஆர்.பி.ஆர். நெகட்டிவாகிவிடும். ஆகாவிட்டால், அல்லது ஏறினால், சிகிச்சை. டி.பி.எச்.ஏ. மறைய ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம் என்பதால் அதை வைத்து இந்தக் காலத்தில் முடிவெடுப்பதில்லை. மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி.க்கு முதல் பட்டையில் கோடு விழுந்ததும் நோய் என்று சொல்லிவிட மாட்டார்கள். வெவ்வேறு தயாரிப்புச் சோதனைகளில் திரும்பப் பார்த்தே உறுதி செய்வார்கள். உறுதியானால் அன்றிலிருந்து ஆயுளுக்கும் கூட்டு மாத்திரை, குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து சில வாரம் மருந்து, ஆறாவது வாரத்தில் கிருமியையே தேடும் சோதனை. எதுவும் செய்யாவிட்டால் நூறு குழந்தைகளில் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை தொற்று போகும்; மருந்தைத் தவறாமல் எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது.

ஹெபடைடிஸ் பி தாய்க்கு இருந்தால் கல்லீரல் நிலையையும் கிருமியின் அளவையும் பார்ப்பார்கள், அளவு மிக அதிகமானால் கடைசி மூன்று மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும், அதோடு தயாரான எதிர்ப்புப் பொருளைக் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியை முடிந்தால் 12 மணி நேரத்துக்குள் இன்னொரு தொடையில் போட வேண்டும். தடுப்பூசி எல்லா அரசு மருத்துவமனையிலும் இருக்கும், இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் தயாராக இருக்காது. அதனால் தாய்வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு ரிப்போர்ட்டோடு போய், அது இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து வரவழைப்பார்கள் என்று கேட்டு வைத்துவிட வேண்டும்.

தொடக்கத்தில் எல்லாம் நெகட்டிவ் என்று வந்த பெண்ணுக்கும் பிரசவம் நெருங்கும்போது மறுபடி எடுக்கச் சொல்வதுண்டு, பத்தாவது வாரத்துக்கும் முப்பதாவது வாரத்துக்கும் நடுவில் புதிதாகத் தொற்றியிருக்க முடியும் என்பதால். எந்தச் சோதனையும் செய்யாமல் வலி எடுத்த பிறகு வருகிறவருக்கும் பிரசவ அறையிலேயே விரல் குத்திப் பார்த்துவிடுவார்கள். அந்த நேரத்திலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கும் எச்.ஐ.வி. மருந்துக்கும் அவகாசம் இருக்கிறது. சிபிலிஸ் என்றால் தாய்க்கு ஊசி போட்டுவிட்டு, குழந்தைக்கான சிகிச்சையை அன்றே தொடங்க வேண்டும்.